ஐந்தாவது நிமிடப் படம்

பெரியம்மா சாப்பிடும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். ஒருநாள் விசுவமடு வீட்டுக்குப் போனபோது, அவருக்குத் தெரியாமல் நான் அதைப் பார்த்துவிட்டேன். புட்டைச் சொதியில் கூழாகும் வரை பிசைந்து மூன்று வாய் உண்டார். பிறகு எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தார். கழுத்தை மேலே நீட்டி, தோள் இரண்டையும் பின்னுக்கு இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது போல முகம் தளர்ந்தது. உட்கார்ந்து நாலாவது வாயை எடுத்தார். ஒரு நீத்துப்பெட்டிப் புட்டில் பாதியை முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது.

வீட்டில் எல்லாரும் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். 2009இல் மூத்த மகனை இழந்தவர் அவர். "துக்கம் தொண்டையை அடைக்கும்" என்பது எங்கள் பேச்சில் உவமைகூட இல்லை, நேரடியாகவே அப்படித்தான் சொல்லுவோம். அதனால் சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் சொன்னபோது, அதை நாங்கள் நெஞ்சோடு சேர்த்துக் கேட்டோமே தவிர உணவுக்குழாயோடு சேர்த்துக் கேட்கவில்லை. கிளினிக்கிலும் மனக்கவலை என்றும் கஸ்ரைற்றிஸ் என்றும் மாறி மாறிச் சொன்னார்கள். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் ஒன்றரை வருடம் குடித்தார். இரவில் இருமல் வந்ததும் ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள்.

நான் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவன். அந்த இருமலுக்காகப் பெரியம்மாவின் நெஞ்சுப் படத்தை மூன்று தடவை நானே எடுத்திருக்கிறேன். நின்றபடி எடுக்கும் நெஞ்சுப் படத்தில் இடது பக்க உதரவிதானத்துக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழி தெரியும். நாம் சாப்பாட்டோடு விழுங்கும் காற்று இரைப்பையின் மேல்பகுதியில் தங்கி நிற்பதுதான் அது. பெரியம்மாவின் மூன்று படங்களிலும் அந்தக் குமிழி இல்லை. நுரையீரலைப் பார்க்கச் சொன்ன படம் என்பதால் நுரையீரலை மட்டும் பார்த்தேன். குமிழி இல்லாததால் மட்டும் நோய் என்று முடிவு கட்ட முடியாது, நல்ல சுகமாக இருப்பவர்களுக்கும் சில வேளை அது தெரியாது. ஆனால் விழுங்க முடியவில்லை என்று சொல்லும் ஒருவரின் படத்தில் அது தொடர்ந்து இல்லையென்றால், இரைப்பைக்குப் போகும் கதவு பூட்டியிருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

சரி, துக்கத்தால் வரும் அடைப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கவலையில் தொண்டைக்குள் ஒரு உருண்டை நிற்பதுபோல இருப்பது உண்மையிலேயே உண்டு. ஆனால் அது சும்மா இருக்கும்போதுதான் அதிகம் தெரியும். சாப்பிடத் தொடங்கினால் குறையும், உணவு தடையில்லாமல் போகும். பெரியம்மாவுக்குச் சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை, சாப்பிடும்போதுதான் எல்லாமே. அதோடு அவர் கையை வைத்துக் காட்டிய இடம் தொண்டை இல்லை, நெஞ்செலும்பின் அடிப்பகுதி. இந்த இரண்டு கேள்வியையும் மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது கேள்வியைக் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

"பெரியம்மா, முதலில சோறுதான் நிண்டதோ, இல்லாட்டித் தண்ணியுமோ?"

"தண்ணியும்தான் தம்பி. முதல்நாளே தண்ணியும்தான். சில நாள் சோறு இறங்கும், தண்ணி நிக்கும். அதைச் சொன்னா ஆர் நம்புவினம்?"

நான் நம்பினேன். புற்றுநோயோ தழும்போ உணவுக்குழாயைச் சுருக்கினால் அது ஒரு வரிசையில் வரும். முதலில் இறைச்சி, பாண் போன்ற கட்டி உணவு நிற்கும், பிறகு குழைத்த சோறு, கடைசியில்தான் தண்ணீர். கட்டியும் நீரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து திணறினால் குழாய் சுருங்கியதைவிட அதன் அசைவு கெட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்த அசைவு நோய்களில் முக்கியமானதுதான் அகலேசியா. தளர மறுத்தல் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அளவுக்கு அரிது. வன்னி முழுவதையும் சேர்த்தாலும் வருடத்தில் ஒருசிலர்தான் வருவார்கள். கஸ்ரைற்றிஸ் என்று வருபவர்களோ ஒரு கிளினிக் நாளிலேயே நூறு பேர்.

உள்ளே நடப்பதைப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரணைமடுதான் உதவியது. குளத்துத் துருசைத் திறந்தால்தான் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். உணவுக்குழாயின் அடியிலும் அப்படி ஒரு துருசு இருக்கிறது, வளையமான தசை. மற்ற நேரமெல்லாம் இறுகி மூடியிருக்கும். நாம் விழுங்கியதும் நரம்பு வழியாகச் செய்தி போய்த் தளர்ந்து திறக்கும். அதே நேரம் குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக அலைபோல அமுக்கி உணவைத் தள்ளிக்கொண்டு வரும். 'தளரு' என்று சொல்லும் நரம்புக் கலங்கள் குழாயின் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. அகலேசியாவில் அவை மெல்ல மெல்ல அழிந்து போகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்குகிறது என்பதே இன்று பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். அவை போனால் துருசும் திறக்காது, அலையும் வராது.

அப்படியென்றால் எதுதான் உணவை இறக்குகிறது? பாரம். குழாய்க்குள் உணவும் நீரும் மேலே மேலே நிரம்பி, அந்தத் தூணின் பாரம் துருசின் இறுக்கத்தைவிட அதிகமாகும்போது கொஞ்சம் கசிந்து இறங்கும். பெரியம்மா எழுந்து நின்று ஒரு செம்புத் தண்ணீர் குடித்தது அதற்குத்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல், தன் உடம்புக்குள் நீர்த்தூணின் உயரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். படுத்தால் அந்தத் தூண் சரிந்துவிடும். உள்ளே நின்றதெல்லாம் வாய்க்குத் திரும்பி, சில துளி மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆஸ்துமா என்று சொன்ன இருமல் அதுதான். தலையணையில் காலையில் சோற்றுப் பருக்கை கிடக்கும் என்றார். புளிப்பு நாற்றம் இருக்குமா என்று கேட்டேன். இல்லை, அப்படியே சாப்பிட்ட சோறு போலத்தான் என்றார். இரைப்பை வரை போகாத சோற்றுக்குப் புளிப்பு எங்கிருந்து வரும்?

இந்த நோயை எடைபோட மருத்துவர்கள் ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறார்கள். விழுங்கத் திணறல், உணவு திரும்பி வருதல், நெஞ்சுவலி, எடை இழப்பு, இந்த நான்குக்கும் சைபரிலிருந்து மூன்று வரை புள்ளி. பெரியம்மாவுக்கு ஒவ்வொரு சாப்பாட்டிலும் திணறல், அதற்கு 3. நாள்தோறும் திரும்பி வருகிறது, அதற்கு 2. எப்போதாவது நெஞ்சுவலி, 1. 58 கிலோவிலிருந்து 47க்கு இறங்கியிருந்தார். பத்துக் கிலோவுக்கு மேல் போனால் 3. மொத்தம் 12க்கு 9. சிகிச்சைக்குப் பிறகு 3 அல்லது அதற்குக் கீழே வந்தால் வெற்றி என்று கொள்வார்கள்.

அதற்கு முன்னர் ஒரு எண்டோஸ்கோப்பி செய்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்த நோயில் அது நடக்கக் கூடியதே. கமரா குழாய் மெல்லத் தள்ளினால் துருசைத் தாண்டிப் போய்விடும். பார்ப்பவருக்குப் புண்ணோ கட்டியோ தெரியாது. தசை தளருகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அந்தத் தாளில் இருந்த 'ஒன்றும் இல்லை' என்பது புண்ணும் கட்டியும் இல்லை என்ற அளவுக்குத்தான் உண்மை.

பேரியம் படத்துக்கு 2022 தை மாதம் நாள் கிடைத்தது. என் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது செய்யப்படும் விதத்தில்தான் அதன் பெறுமதி இருக்கிறது. பேரியம் சல்பேற்று ஒரு வெள்ளைத் தூள். தண்ணீரில் கரைவதில்லை, உடம்பில் உறிஞ்சப்படுவதுமில்லை. எக்ஸ்ரே கதிரைத் தடுப்பதால் படத்தில் வெண்மையாகத் தெரியும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கியது போன்ற ருசி. வழக்கமான முறையில் நோயாளி ஒரு வாய் விழுங்கும்போது திரையில் பார்த்துச் சில படங்கள் எடுப்போம். கதவு மூடியிருக்கிறதா என்பது அதில் தெரியும். எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பது தெரியாது. அதற்குத்தான் நேரம் வைத்து எடுக்கும் பேரியம் படம்.

பெரியம்மாவை நிற்க வைத்து, முள்ளந்தண்டு குழாயை மறைக்காதபடி உடம்பைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினேன். மெல்லிய கலவையாக 200 மில்லிலீற்றர் கோப்பையில் இருந்தது. அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடத்துக்குள் முடிந்தவரை குடிக்க வேண்டும், ஓங்காளம் வருகிற மாதிரி இருந்தால் நிறுத்திவிடலாம்.

"குடியுங்கோ பெரியம்மா, அவசரமில்லை, ஆனா நிப்பாட்டாமல் குடியுங்கோ."

160இல் கையை உயர்த்தினார். அந்த 160ஐத் தாளில் எழுதிக்கொண்டேன். அடுத்த முறையும் அதே 160தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு படத்தையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. குடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடத்தில் ஒரு படம், இரண்டாவது நிமிடத்தில் ஒன்று, ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று. மூன்றிலும் குழாய்க்குள் நிற்கும் வெள்ளைத் தூணின் உயரத்தை, கீழே ஒடுங்கும் இடத்திலிருந்து மேல்மட்டம் வரை, அளக்க வேண்டும். அவ்வளவுதான். திரையில் ஓடும் படம் காட்டுகிற கருவிகூட அவசியமில்லை, நின்றபடி நெஞ்சுப் படம் எடுக்கக் கூடிய எந்த ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்யலாம். வன்னியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

நல்ல குழாயில் ஒரு நிமிடத்திலேயே ஏறத்தாழ எல்லாம் இறங்கிவிடும். ஒரு நிமிடத்தில் 5 சென்ரிமீற்றருக்கு மேல் நின்றாலோ, ஐந்தாவது நிமிடத்தில் 2 சென்ரிமீற்றருக்கு மேல் நின்றாலோ அகலேசியாவைச் சந்தேகிக்க வேண்டும். பெரியம்மாவின் படத்தில் ஒரு நிமிடத்தில் 18 சென்ரிமீற்றர், இரண்டாவதில் பதினேழரை, ஐந்தாவதில் 16. குழாயின் அகலம் நாலரை. அடியில் வழுவழுவென்று ஒடுங்கி ஒரு கூர்முனையில் முடிந்தது. பாடப் புத்தகங்களில் பறவை அலகு என்பார்கள். வயலில் கொக்கு ஒன்று தலையைக் கவிழ்த்து மீன் பார்க்கிறதே, அந்த அலகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. வெள்ளைத் தூணின் மேலே சோற்று மிச்சம் மேகம் மேகமாக மிதந்தது. முதல்நாள் இரவு ஆறு மணிக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

படம் முடிந்ததும் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்புவோம். பேரியம் குடலில் இறுகி மலச்சிக்கல் ஆக்கும், ஓரிரு நாள் மலம் வெள்ளையாகப் போகும். தண்ணீரே குடிக்கத் திணறும் ஒருவருக்கு இந்த அறிவுரை எவ்வளவு கடினம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சூடாக்கிக் குடிக்கிறேன் என்றார். குளிர்ந்த தண்ணீர் நிற்கும், சுடுதண்ணீர் இறங்கும் என்பதையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

படம் இவ்வளவு தெளிவாக இருந்தால் நேரே சிகிச்சைக்குப் போகலாமே என்று தோன்றும். கூடாது. இரைப்பையின் வாசலில் வளரும் புற்றுநோய் துருசைச் சுற்றி இறுக்கினால் இதே அலகு போன்ற படம் வரும். ஐம்பத்தைந்து, அறுபது வயதுக்கு மேல், சில மாதங்களுக்குள் தொடங்கி, வேகமாக எடை குறைந்தால் அந்தப் பயம் கூடும். பெரியம்மாவுக்கு 54 வயது, மூன்று வருடக் கதை. அது கொஞ்சம் ஆறுதல். ஆனால் பதினொரு கிலோ போயிருந்தது, வெற்றிலை போடும் பழக்கமும் இருந்தது. அதனால் கொழும்பில் எண்டோஸ்கோப்பியை மறுபடி செய்தார்கள். இந்த முறை இரண்டு நாள் வெறும் நீராகாரத்தில் வைத்து, குழாயைக் கழுவி, இரைப்பைக்குள் போய்க் கமராவை மேல்நோக்கித் திருப்பி வாசலைக் கீழிருந்து பார்த்தார்கள். சி.ரி. ஸ்கானும் எடுத்தார்கள். கட்டி இல்லை.

அங்கேயே மனோமெற்றியும் செய்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு ஒவ்வொரு விழுங்கலிலும் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை அது. நோயை உறுதிப்படுத்துவது அதுதான், பேரியம் அதற்கு ஈடாகாது. தொடக்கநிலை நோயில் பேரியம் படம் ஏமாற்றவும் கூடும். மனோமெற்றி அகலேசியாவை மூன்று வகையாகப் பிரிக்கிறது. குழாய் முற்றாகச் சோர்ந்து கிடப்பது முதல் வகை. அலை இல்லாவிட்டாலும் விழுங்கியதும் குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் அழுத்தம் ஏறுவது இரண்டாம் வகை. கோணல்மாணலாக வலித்து இழுப்பது மூன்றாம் வகை. பெரியம்மாவுக்கு இரண்டாவது. எந்தச் சிகிச்சைக்கும் நன்றாக இணங்குவது அதுதான்.

சிகிச்சை பற்றிப் பேச நிபுணர் எங்களுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கினார். அவர் முதலில் சொன்னதை இதே நோயுள்ள எல்லாருக்கும் சொல்ல வேண்டும்: செத்த நரம்பை எதுவும் உயிர்ப்பிக்காது. எந்தச் சிகிச்சையும் அலையைத் திருப்பித் தராது. செய்வதெல்லாம் துருசை உடைத்து, பாரத்தால் மட்டுமே உணவு இறங்கும்படி விடுவதுதான்.

மாத்திரைகளை இரண்டு வசனத்தில் கடந்தார். சாப்பாட்டுக்கு முன் நாக்குக்குக் கீழே வைக்கும் நிபெடிப்பின் போன்றவை கொஞ்ச நேரம் தளர்த்தும், தலைவலியும் தலைச்சுற்றும் தரும், நிலைக்காது. துருசைச் சுற்றி நாலு இடத்தில் போடும் பொற்றுலினம் ஊசி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் வலு போய்விடும். மயக்க மருந்து தாங்காத வயோதிபருக்கு அது நல்ல வழி, பெரியம்மாவுக்கு இல்லை.

மிஞ்சியவை மூன்று. ஒன்று பலூன். துருசுக்குள் பலூனை வைத்துக் காற்றால் ஊதித் தசை நாரைக் கிழிப்பது. முதலில் 30 மில்லிமீற்றர் விட்டம், தேவையானால் 35, பிறகு 40. இரண்டாவது சத்திரசிகிச்சை. ஜேர்மனியில் ஹெல்லர் என்பவர் 1913இல் முதன்முதலில் செய்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். இன்று வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, குழாயின் அடியில் ஆறு சென்ரிமீற்றரும் இரைப்பையின் மேல் இரண்டு மூன்று சென்ரிமீற்றரும் தசையை மட்டும் கீறிவிடுகிறார்கள். துருசு உடைந்தால் இரைப்பை அமிலம் மேலேறும் என்பதால், இரைப்பையின் ஒரு மடிப்பைக் கீறிய இடத்தின் மேல் போர்த்தித் தைக்கிறார்கள். மூன்றாவது, ஜப்பானில் இனோவே 2008இல் தொடங்கிய முறை. வாய் வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, குழாயின் சுவருக்குள் சுரங்கம் தோண்டி உள்ளிருந்தே தசையை வெட்டுவது. இதைப் போயம் என்கிறார்கள்.

எது நல்லது என்று நேரே கேட்டேன். அவர் ஆய்வுகளை எடுத்து வைத்தார். ஐரோப்பாவில் பலூனையும் சத்திரசிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டு வருடத்தில் பலூன் 86 வீதம், சத்திரசிகிச்சை 90 வீதம். ஐந்து வருடத்தில் 82, 84. ஏறக்குறைய சமம். ஆனால் அந்தச் சமத்துக்குள் ஒரு விலை இருக்கிறது. பலூன் போட்டவர்களில் நால்வரில் ஒருவர் திரும்பவும் பலூனுக்குப் போக வேண்டியிருந்தது. 2019இல் வந்த இன்னோர் ஆய்வில் போயமும் சத்திரசிகிச்சையும் இரண்டு வருடத்தில் 83க்கு 82 என்று நின்றன. போயத்தில் போர்த்தும் மடிப்பு இல்லை. அதனால் இரண்டு வருடத்தில் அமிலம் ஏறிக் குழாய் புண்ணானவர்கள் போயத்தில் 44 வீதம், சத்திரசிகிச்சையில் 29 வீதம். மூன்றாம் வகை நோயில் வலிக்கும் தசையை மேல்வரை நீளமாக வெட்ட வேண்டும், அங்கே போயம்தான் கை கொடுக்கும். நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களுக்குப் பலூன் அவ்வளவு நிலைப்பதில்லை, அவர்களுக்கு வெட்டுவதே மேல். பெரியம்மாவின் வயதுப் பெண்ணுக்கு, இரண்டாம் வகைக்கு, பலூன் நன்றாகப் பேசும்.

எனக்கு மனசு சத்திரசிகிச்சை பக்கமே சாய்ந்தது. ஒருமுறை செய்தால் முடிந்தது, ஏ9 வீதியில் திரும்பத் திரும்பக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. பெரியம்மா மறுத்துவிட்டார். வயிற்றில் ஏற்கனவே ஷெல் துண்டு எடுத்த வெட்டு ஒன்று இருக்கிறது. "இன்னொருக்கா என்னை வெட்ட விடமாட்டன் தம்பி." நிபுணரும் அதை வெறும் பயம் என்று தள்ளவில்லை. முன்பு வயிறு திறந்த இடத்தில் உள்ளே ஒட்டிப் பிடித்திருக்கும், துளை வழிச் சத்திரசிகிச்சை அதனால் கடினமாகலாம் என்றார். அன்று நான் வாயை மூடிக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

பங்குனியில் 30 மில்லிமீற்றர் பலூன். எக்ஸ்ரே திரையில் பலூனின் நடுவில் இடுப்புப் போல ஒரு ஒடுக்கம் தெரியும், அதுதான் துருசு. காற்று ஏற ஏற அந்த இடுப்பு மறைய வேண்டும். இதில் பயப்பட வேண்டியது குழாய் ஓட்டையாவது. நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு நடக்கிறது. அதனால்தான் பலூன் போடும் இடத்தில் தேவைப்பட்டால் உடனே நெஞ்சைத் திறக்கக் கூடிய சத்திரசிகிச்சைக் குழு இருக்க வேண்டும். பிறகு வரும் சில மணித்தியாலத்தில் குறையாத நெஞ்சுவலி, காய்ச்சல், கழுத்துத் தோலை அமுக்கினால் நெறுநெறுவென்ற சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டை என்றே எண்ண வேண்டும். அந்தச் சந்தேகத்தில் முதலில் பேரியம் கொடுக்க மாட்டோம், நீரில் கரையும் வேறு திரவம் கொடுத்துப் படம் எடுப்போம், ஏனென்றால் நெஞ்சுக்குள் கசிந்த பேரியம் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். பெரியம்மாவுக்கு அன்று இரவு கொஞ்சம் நோ இருந்தது, காலையில் இல்லை. அடுத்த நாள் சொதி விட்டு இடியப்பம் சாப்பிட்டார். எழுந்து நிற்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வந்தபோது இரண்டு கிலோ கூடியிருந்தார். "எல்லாம் சுகம் தம்பி, இதென்னத்துக்கு இன்னொரு சுண்ணாம்புத் தண்ணி?" புள்ளிக் கணக்கும் 9இலிருந்து இறங்கியிருந்தது. அதே 160 மில்லிலீற்றர், அதே சாய்வு, அதே நேரம். ஒரு நிமிடத்தில் 12 சென்ரிமீற்றர். ஐந்தாவது நிமிடத்தில் 9.

நான் இரண்டு தடவை அளந்தேன். ஒன்பதுதான்.

இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று வருடம் ஒரு கவளத்தோடு போராடியவருக்கு, பாதிக் கதவு திறந்தாலே சொர்க்கம்போல இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஒப்பீடு நேற்றோடு, நல்ல குழாயோடு அல்ல. அதோடு, நாட்பட்டு விரிந்த குழாய் தனக்குள் நிற்பதை உணர்வதும் குறைந்துவிடும். பலூனுக்குப் பிறகு சுகம் என்று சொன்னவர்களைப் பேரியம் வைத்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் படம் திருந்தவில்லை. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குள் மறுபடி திணறினார்கள். படத்தில் உள்ள எண்ணை மட்டும் வைத்துத் திரும்பச் சிகிச்சை செய்யக் கூடாது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு, அது நியாயம்தான். அதனால் மறுபடி கேட்டேன். இரவில் எப்படி? கொஞ்சம் யோசித்தார். சாய்மனைக் கதிரையில்தான் இன்னும் படுக்கிறேன், இருமல் வாரத்தில் இரண்டு நாள் வரும் என்றார். நின்ற ஒன்பது சென்ரிமீற்றர்தான் இரவில் இருமிக்கொண்டிருந்தது.

படங்களை நிபுணருக்கு அனுப்பினேன். 35 மில்லிமீற்றர் பலூனுக்கு நாள் தந்தார், ஆனியில். அந்த மாதம் நாட்டில் டீசல் இல்லை. கிளிநொச்சியில் எண்ணெய்க்கு நாள்கணக்கில் வரிசை. பஸ் வருமா என்று தெரியாமல் விடியப்புறம் மூன்று மணிக்கு வீதியில் நின்றோம். சுகமாக இருக்கிறது என்று சொல்லும் ஒருவரை அந்த நிலையில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கூட்டிப்போக எனக்கு இருந்த ஒரே நியாயம், கைப்பையில் சுருட்டி வைத்திருந்த ஐந்தாவது நிமிடப் படம்.

இரண்டாவது பலூனுக்கு ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில் ஒரு நிமிடத்தில் 5 சென்ரிமீற்றர், ஐந்தாவதில் ஒன்றரை. இருமல் நின்றது. பம்பை அலுமாரிக்குள் போட்டுவிட்டார். இப்போது துருசு திறந்திருப்பதால் அமிலம் ஏறி நெஞ்சு எரியத் தொடங்கியது. அதற்கு ஒமிப்ரசோல் கொடுத்தார்கள். முன்பு இல்லாத நோய்க்குக் குடித்த அதே மாத்திரை, இப்போது உள்ள நோய்க்கு. சாப்பாட்டோடு தண்ணீர், இருட்டுவதற்கு முன் இரவுச் சாப்பாடு, படுக்குமுன் மூன்று மணித்தியால இடைவெளி, கட்டில் தலைமாட்டுக்குக் கீழே இரண்டு கல். இவை ஆயுளுக்கும் தொடரும், அலை திரும்பி வரப்போவதில்லை. நாட்பட்ட அகலேசியாவில் குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வெற்றிலையை விடச் சொல்லி அதற்காகத்தான் மன்றாடினேன். புகையிலையை விட்டுவிட்டார், வெற்றிலையைக் குறைத்திருக்கிறார்.

2023 ஆடியில் வருடப் படத்துக்கு வந்தபோது 55 கிலோ இருந்தார். கோப்பையை வாங்கி, நான் சொல்லாமலே உடம்பைச் சாய்த்து நின்று குடித்தார். ஐந்தாவது நிமிடப் படம் திரையில் வந்ததும், சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தினை சென்ரிமீற்றர்?"

"ரெண்டு பெரியம்மா."

"போன முறை ஒண்டரை."

"ஓம். அரை கூடியிருக்கு. அடுத்த வருசமும் பாப்பம்."

சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே வாங்கில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போனார்.